ஆங் மோ கியோவின் ஒன்பது புள்ளிகள்

சிங்கப்பூரில் கைமாறும் வீவக மறுவிற்பனை வீடுகளின் விலை விவரம் data.gov.sg என்ற அரசுத் தரவுத்தளத்தில் எல்லாருக்கும் கிடைக்கிறது. 2017 ஜனவரியில் தொடங்கும் கோப்பைத் திறந்தால் முதலில் வருவது ஆங் மோ கியோ. நகரங்களின் பெயர்களை ஆங்கில அகர வரிசையில் அடுக்கியதால் அதற்கு முதலிடம் கிடைத்திருக்கிறது. தரவுப் பகுப்பாய்வு பழகும் பலர் போடும் முதல் சிதறல் வரைபடம் இந்தக் கோப்பிலிருந்துதான் பிறக்கிறது. அந்த வரைபடத்தின் மேல் ஒரு போக்குக் கோட்டை இழுத்ததும், "பழைய வீடு என்பதால் விலை குறைவு", "உயர்ந்த மாடி என்பதால் விலை அதிகம்" என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. இந்த "என்பதால்" எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். வரைபடத்தில் அது இல்லை.

கோப்பின் முதல் வரி, அவென்யூ 10இல் உள்ள ஓர் ஈரறை வீடு. அதற்கு அடுத்த ஒன்பதும் மூவறை வீடுகள். எல்லாம் 67 அல்லது 68 சதுர மீட்டர். எல்லாம் ஒரே வடிவமைப்பு. எல்லாம் ஆறாம் மாடிக்குள். ஒரே மாதத்தில் விற்றவை. பரப்பு, மாதிரி, மாடி, மாதம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்க, குத்தகை தொடங்கிய ஆண்டும் விலையும்தான் மாறுகின்றன. நியாயமான ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல தொகுப்பு கிடைக்காது என்று தோன்றும்.

1976இல் குத்தகை தொடங்கிய வீடு ஒன்று 285,000 வெள்ளிக்குப் போனது. 1978இன் வீடு 250,000. 1979இன் மூன்று வீடுகள் 280,000, 285,000, 285,000. 1980இன் மூன்றும் 262,000, 265,000, 265,000. 1981இன் ஒரே வீடு 275,000. ஆண்டைக் கிடை அச்சிலும் விலையைச் செங்குத்து அச்சிலும் வைத்து ஒன்பது புள்ளிகளைக் குறித்துக்கொள்வோம். போக்குக் கோடு என்பது, ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளியை வர்க்கப்படுத்திக் கூட்டினால் மிகக் குறைந்த தொகை தரும் நேர்கோடு. கணக்கிட்டால் இந்தக் கோடு கீழ்நோக்கிச் சரிகிறது. வீடு ஓராண்டு புதியதானால் விலை சுமார் 2,100 வெள்ளி குறைகிறது என்கிறது.

99 ஆண்டுக் குத்தகை வீட்டுக்கு இது தலைகீழான செய்தி. குத்தகை தேயத் தேய வீட்டின் மதிப்பு ஏறுமா?

இப்போது 1976இன் புள்ளியை மட்டும் விரலால் மறைத்துவிட்டு, மீதி எட்டுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு மேல்நோக்கித் திரும்பிவிடும். ஓராண்டு புதியதானால் சுமார் 1,400 வெள்ளி கூடுகிறது. ஒரே ஒரு வீடு, முடிவின் திசையையே புரட்டியிருக்கிறது. மற்ற எட்டும் 1978க்கும் 1981க்கும் இடையில் நெருக்கிக்கொண்டு நிற்க, இது மட்டும் இடது ஓரத்தில் தனியாக நிற்பதே காரணம். கிடை அச்சின் ஓரத்தில் நிற்கும் புள்ளிக்கு நெம்புகோலின் நுனியில் கை வைத்தவனின் பலம் உண்டு. ஆகவே எந்தப் போக்குக் கோட்டைக் கண்டாலும், ஓரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பது முதல் வேலை. திசையே மாறினால், அந்தத் தொகுப்பிலிருந்து எதையும் சொல்லத் தகுதி வரவில்லை என்று பொருள்.

இதைவிட ஆழமான பழுது ஒன்று இந்த ஒன்பதில் இருக்கிறது. கோப்பில் வரும் வரிசையில் விலைகளைப் படியுங்கள்: 250, 262, 265, 265, 275, 280, 285, 285, 285 ஆயிரம் என்று ஏறிக்கொண்டே போகின்றன. அந்த மாதத்து ஆங் மோ கியோ மூவறை வீடுகள் விலையின் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அப்படியானால், கோப்பின் தலையிலிருந்து நாம் எடுத்தவை ஒன்பது சாதாரண வீடுகள் அல்ல. மிக மலிவாகப் போன ஒன்பது வீடுகள். புதியதாக இருந்ததால் நல்ல விலை பெற்ற வீடு எதுவும் நம் வரைபடத்துக்குள் வரவே முடியாது. புதிய வீடாக இருந்தும் வேறு ஏதோ குறையால் மலிவாகப் போனதுதான் உள்ளே வந்திருக்கும். எந்த விளைவை ஆராய வந்தோமோ அந்த விளைவைக் கொண்டே வீடுகளைத் தேர்ந்தெடுத்தால், உண்மையான உறவு தட்டையாகிவிடும், சில வேளை கவிழ்ந்தும்விடும். புள்ளிகளை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வரிகள் எப்படி என் கைக்கு வந்தன என்று கேட்டால்தான் தெரியும்.

சரி, கோப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால் தீர்ந்துவிடுமா? தேர்வுப் பழுது தீரும். காரணம் பற்றிய கேள்வி தீராது.

ஆங் மோ கியோ 1970களில் தொடங்கிப் பகுதி பகுதியாகக் கட்டப்பட்ட நகரம். புளோக் எண்ணின் முதல் இலக்கமே அது எந்தப் பேட்டையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். 1976இன் அந்த வீடு இருநூறு வரிசைப் புளோக்கில், அவென்யூ 1இல் இருக்கிறது. பிஷான்-ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டிச் செல்லும் சாலை அது. 1980இன் வீடுகளோ அவென்யூ 5இலும் அவென்யூ 10இலும் இருக்கின்றன. பேட்டைகள் வெவ்வேறு ஆண்டுகளில் எழுந்ததால், ஆண்டு மாறும்போது இடமும் சேர்ந்து மாறுகிறது. வயதின் விளைவு எது, இடத்தின் விளைவு எது என்று ஆண்டு-விலை வரைபடம் பிரித்துக் காட்டாது. இப்படி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்கும் மூன்றாவது காரணிதான் ஒட்டுறவைக் காரணம்போலத் தோன்றச் செய்வது.

மாடி விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாடியைக் கிடையிலும் விலையைச் செங்குத்திலும் வைத்து ஆங் மோ கியோ முழுவதையும் குறித்தால், கோடு மேலே ஏறும். வீட்டு முகவர்கள் விரும்பிக் காட்டும் படம் இது. ஆனால் வலது ஓரத்தில், மிக உயரத்தில் நிற்கும் புள்ளிகள் யாருடையவை? ஸ்திரீட் 52இல் 2011 வாக்கில் எழுந்த பார்க் சென்ட்ரல் போன்ற புதிய உயர்ந்த கட்டடங்களின் வீடுகள் அவற்றில் உண்டு. பத்து இலட்சம் வெள்ளியைத் தாண்டி விற்ற ஐந்தறை வீடுகள் இருக்கும் இடம் அது. இடது பக்கம் நெரிசலாக நிற்பவற்றில் பெரும்பாலானவை 1970களின் நீளக் கட்டடங்கள். உயரத்தோடு புதுமையும், நீண்ட குத்தகையும், வேறு வடிவமைப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. கோட்டின் சரிவில் இவை அத்தனையின் விலையும் அடங்கியிருக்கிறது.

வீடு வாங்க வருபவரின் கேள்வி வேறு. "இதே புளோக்கில் மூன்றாம் மாடிக்குப் பதில் பத்தாம் மாடியை எடுத்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது நியாயம்?" என்றுதான் அவர் கேட்கிறார். அதற்குப் பதில் தேடும் வழி, ஒரே புளோக்கில், ஒரே வகை வீட்டை, நெருங்கிய மாதங்களில் விற்றவற்றோடு மட்டும் ஒப்பிடுவது. அங்கே குத்தகை ஆண்டு ஒன்றே, ரயில் நிலையத் தூரம் ஒன்றே, வடிவமைப்பு ஒன்றே. மூன்றாவது காரணிகளில் பெரும்பங்கு விலகிவிடும். இப்படி ஒவ்வொரு புளோக்குக்குள்ளும் கிடைக்கும் வித்தியாசங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், அது முகவரின் கோட்டைவிட நம்பத்தக்கது.

அப்போதும் முழுவதும் நம்பிவிட முடியாது. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நின்றதில்லை. சில மாடிகளில் மட்டும் நிற்கும், மற்றவர்கள் படி ஏறவோ இறங்கவோ வேண்டும். 2001இல் அறிவிக்கப்பட்ட மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகே இது படிப்படியாக மாறியது. இப்படி மாறாத புளோக்குகளின் விற்பனைகளில், மாடியின் எண் மட்டுமல்ல, அந்த மாடியில் மின்தூக்கி நின்றதா என்பதும் விலையில் கலந்திருக்கும். கோப்பிலோ மாடி "01 TO 03", "04 TO 06" என்று மூன்று மூன்றாகவே பதிவாகியிருக்கிறது. மின்தூக்கி நின்ற மாடியையும் நிற்காத மாடியையும் அதிலிருந்து பிரித்தெடுக்கவே வழியில்லை.

ஒரே புளோக் என்ற உத்தியைக் கவனமின்றிக் குத்தகைக்குப் பயன்படுத்தினால் இன்னொரு பள்ளத்தில் விழுவோம். ஒரு பழைய புளோக்கின் விற்பனைகளை 2017 முதல் 2022 வரை எடுத்து, மீதமுள்ள குத்தகையை விலைக்கு எதிராகக் குறித்தால், குத்தகை குறையக் குறைய விலை ஏறுவதைப் பல புளோக்குகளில் காணலாம். ஒரு புளோக்குக்குள் மீதமுள்ள குத்தகை என்பது நாட்காட்டியின் மறுபெயர்தான். அந்த நாட்காட்டியில் 2020இல் மறுவிற்பனை விலைக் குறியீடு 5.0 விழுக்காடும், 2021இல் 12.7 விழுக்காடும், 2022இல் 10.4 விழுக்காடும் ஏறியது. நாடு முழுவதும் சந்தை ஏறியதை, அந்தப் புளோக்கின் தேய்ந்த குத்தகையின் கணக்கில் எழுதுகிறது கோடு. பழைய புளோக்கின் விலை அதே காலத்தில் புதிய புளோக்கின் விலையைவிட மெதுவாக ஏறியதா என்று பார்ப்பதே சரியான கேள்வி.

இந்தியக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு காரணி, இந்தக் கோப்பில் எந்தப் பத்தியிலும் இல்லை. 1989 முதல் நடைமுறையில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு பேட்டைக்கும் புளோக்குக்கும் இன விகித வரம்பு வைக்கிறது. 2010இல் திருத்தப்பட்டபடி ஒரு புளோக்கில் சீனருக்கு 87, மலாய்க்காரருக்கு 25, இந்தியரும் பிறரும் சேர்ந்த பிரிவுக்கு 15 விழுக்காடு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில், சீனர் ஒருவர் தம் வீட்டை எந்த இனத்தவருக்கும் விற்கலாம். பக்கத்து வீட்டு இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. ஒரே மாடி, ஒரே பரப்பு, ஒரே குத்தகை. ஆனால் ஒருவரிடம் பேரம் பேச வருபவர்கள் மிகக் குறைவு. வரைபடத்தில் இந்த இரு புள்ளிகளுக்கும் இடையில் உள்ள இடைவெளி வெறும் சிதறலாகத் தெரியும்.

இந்த வரம்பு உண்மையிலேயே விலையை அசைக்கிறதா என்பதைப் பொருளியலாளர் மெய்சி வோங் ஆராய்ந்தார். வரம்பு நிரம்பிய புளோக்குகளை நிரம்பாதவற்றோடு நேரடியாக ஒப்பிட்டால் பழைய சிக்கலே திரும்பும். ஓர் இனத்தார் விரும்பிச் சேரும் இடத்தில் பள்ளி, சந்தை, வழிபாட்டிடம் என்று விலையைத் தொடும் பலவும் முன்பே வேறுபட்டிருக்கும். எனவே வரம்பைச் சற்றே தொட்டவற்றையும் சற்றே தொடாமல் நின்றவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தார். புளோக்கின் இன விகிதத்தை அறிய, தொலைபேசி நூலில் இருந்த ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை இனவாரியாகப் பிரித்தார். விலை வித்தியாசம் இருப்பதைக் கண்டார். அவருடைய கட்டுரை 2014இல் வெளிவந்தது. வரம்பின் இரு பக்கமும் நிற்கும் புளோக்குகள் மற்ற எல்லாவற்றிலும் ஒத்தவை என்ற அனுமானம் எவ்வளவு உறுதியோ, அந்த முடிவும் அவ்வளவுதான் உறுதி. வரம்புக்கு வெகு தொலைவில் உள்ள புளோக்குகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

எந்தப் புளோக்கில் யாருக்கு வரம்பு நிரம்பியிருக்கிறது என்பதை வீவக தன் இணையத்தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கிறது. விற்க நினைப்பவர், பக்கத்து வீடு போன விலையைக் கோப்பில் தேடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். அந்த வீடு விற்ற மாதத்தில் வரம்பு நிரம்பியிருந்ததா, விற்றவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது தெரியாமல் அந்த விலையைத் தம் வீட்டுக்குப் பொருத்த முடியாது.