பின்பக்கம் சொல்லும் மாடல்

பழைய போன் விற்பனைக்கு என்று யாரோ படம் போட்டிருக்கிறார்கள். திரை அணைந்திருக்கிறது, பின்பக்கம் மட்டும் தெரிகிறது. இரண்டு கேமரா, நடுவில் ஆப்பிள் சின்னம். விற்பவர் 'ஐபோன் 14' என்கிறார். நம்பலாமா? முதலில் அந்த இரண்டு லென்ஸ்களும் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள்.

2019இல் வந்த ஐபோன் 11இலும் 2020இன் 12இலும் சதுர மேட்டுக்குள் லென்ஸ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். 2021இல் 13 வந்தபோது அவை மூலைவிட்டமாக நகர்ந்தன: ஒன்று மேல் இடது மூலையில், மற்றொன்று கீழ் வலது மூலையில். இது அழகுக்காகச் செய்த மாற்றம் அல்ல. 13இன் முதன்மைக் கேமராவில் பெரிய சென்சாரை வைத்து, கை நடுக்கத்தை ஈடுகட்ட அந்தச் சென்சாரே அசையும்படி செய்தார்கள். பெரிதாகி, அசையவும் இடம் கேட்கும் பாகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கேமராவை நெருக்கி அடுக்குவது கடினம். மூலைக்கு மூலை வைத்தால் அதே சதுரத்துக்குள் இரண்டும் அடங்கிவிடும். 14, 15 இரண்டும் அந்த அமைப்பையே பின்பற்றின.

2024இல் 16 வந்தபோது லென்ஸ்கள் மறுபடி நேர்கோட்டுக்குத் திரும்பின. இதற்குக் காரணம் இன்னும் சுவையானது. முப்பரிமாணமாகத் தெரியும் வீடியோ எடுக்க, நம் கண்களைப் போல இரண்டு கேமராக்கள் ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாக நின்று பார்க்க வேண்டும். வீடியோவுக்காகப் போனைப் படுக்கவாட்டில் திருப்பினால், மேலும் கீழுமாக இருந்த லென்ஸ்கள் இடமும் வலமுமாக ஆகிவிடும். மூலைவிட்ட அமைப்பில் அப்படி ஆகாது. ஒரு லென்ஸ் எப்போதும் மற்றதைவிட உயரத்தில் நிற்கும். 16இல் மேடும் சதுரமாக இல்லை, மாத்திரை போல நீண்டிருக்கிறது. ஃபிளாஷ் அதற்கு வெளியே இருக்கிறது. 2017இன் ஐபோன் எக்ஸிலும் இதே நீள மேடு உண்டு. ஆனால் அதில் ஃபிளாஷ் இரு லென்ஸ்களுக்கும் நடுவே, மேட்டுக்குள்ளேயே இருக்கும்.

லென்ஸ் அமைப்பு ஒத்துப்போகும் மாடல்களைப் பிரிக்கப் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். இங்கே இடப்பக்கம், வலப்பக்கம் என்பது திரை நம்மை நோக்கி இருக்கும்போது. 11இன் விளிம்பு உருண்டையானது, சிம் தட்டு வலப்பக்கம். 12இல் விளிம்பு தட்டையாகி, சிம் தட்டு இடப்பக்கம் ஒலி பொத்தான்களுக்குக் கீழே வந்துவிட்டது. இடப்பக்க உச்சியில் 15 வரை முன்னும் பின்னும் தள்ளும் சைலன்ட் சுவிட்ச் இருக்கிறது. 16இல் அந்த இடத்தில் அழுத்தும் பொத்தான். வலப்பக்கம் கீழே கேமராவுக்கென்று தனிப் பொத்தானும் 16இல் சேர்ந்தது. 15இன் முதுகுக் கண்ணாடி மங்கலானது, 13, 14இல் அது பளபளக்கும்.

இப்போது விளம்பரப் படத்துக்கு வருவோம். லென்ஸ்கள் மூலைவிட்டம், ஆகவே 13, 14, 15இல் ஒன்று. முதுகு பளபளக்கிறது, 15 விலகிவிட்டது. மிச்சம் 13, 14. கண் இங்கேதான் திணறும், ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். 14இன் பருமன் 7.80 மில்லிமீட்டர், 13க்கு 7.65. படத்தில் இது தெரியவே தெரியாது. நிறம் சில நேரம் கைகொடுக்கும்: ஊதாவும் மஞ்சளும் 14க்கு மட்டும், இளஞ்சிவப்பும் பச்சையும் 13க்கு மட்டும். நம் படத்தில் இருப்பதோ இரண்டுக்கும் பொதுவான கருநிறம். படத்தை வைத்து இதற்கு மேல் யார் உறுதி சொன்னாலும் அது ஊகம்தான்.

கண்ணாடி முன் நின்று எடுத்த படமாக இருந்தால் இன்னொரு குழப்பமும் சேரும். மேடு வலப்பக்க மூலைக்குப் போய்விடும், மூலைவிட்டமும் எதிர்த்திசையில் சாயும். அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

உண்மையான போலி வேறு வகை. பழைய எக்ஸ்ஆர் போனின் உட்பாகங்களை எடுத்து, 13 ப்ரோ போலச் செய்த கூட்டுக்குள் பொருத்தி விற்கிறார்கள். முதுகு எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், போனைத் திருப்பிப் பாருங்கள். எக்ஸ்ஆரின் திரையைச் சுற்றிய கறுப்பு ஓரம் தடிமனாகவும், மேலேயுள்ள நாட்ச் அகலமாகவும் இருக்கும். 13 வரிசையில் நாட்ச் குறுகியது, பேசுபவர் குரல் வரும் ஒலிபெருக்கிப் பிளவும் மேல் விளிம்புக்கே ஏறிவிட்டது.

போன் கைக்கு வந்தால், சிம் தட்டை வெளியே இழுத்து அந்தத் துளைக்குள்ளும், சார்ஜர் செருகும் துளைக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றில் நுண்ணிய எழுத்தில் மாடல் எண் இருக்கும். இந்தியாவில் விற்கப்பட்டதாக இருந்தால் A2633 என்பது 13, A2882 என்பது 14. போன் உயிரோடு இருந்தால் Settings > General > About பகுதியிலும் மாடல் எண்ணைப் பார்க்கலாம்; அங்கே முதலில் தெரியும் எண்ணைத் தட்டினால்தான் A என்று தொடங்கும் எண் வரும். துளைக்குள் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இல்லாவிட்டால், கூடு மாற்றப்பட்டிருக்கிறது.