ஆஃபர் லெட்டருக்குப் பதில் எழுதும்போது

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோருடைய கண்ணும் போவது சி.டி.சி. என்ற ஒரே எண்ணுக்குத்தான். சம்பளத்தை உயர்த்திக் கேட்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, கடைசிப் பக்கத்தில் இருக்கும் பிரிப்பு அட்டவணையை.

சென்னையில் ஒரு ஐ.டி. ஊழியர் இப்போது ஆண்டுக்கு 10.5 லட்சம் சி.டி.சி. வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் வேரியபிள் பே கிடையாது. பி.எஃப். பிடித்தமும் மாதம் 1,800 ரூபாய்தான். கிராஜுவிட்டியையும் கம்பெனி கட்டும் பி.எஃப்.பையும் கழித்துப் பார்த்தால், வருமான வரிக்கு முன் மாதம் சுமார் 81,800 ரூபாய் கையில் வருகிறது. புதிய கம்பெனி 12 லட்சம் தருகிறது. ஆனால் அதில் 1.2 லட்சம் வேரியபிள். பேசிக் 6 லட்சம். அதில் 12 சதவீதம், அதாவது 72,000 ரூபாய், கம்பெனி கட்டும் பி.எஃப். கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம் வேறு. அவருடைய பங்கு பி.எஃப். 6,000 ரூபாயும் போனால் மாதம் கையில் வருவது சுமார் 75,600தான்!

ஒன்றரை லட்சம் கூடியும் மாதாமாதம் ஆறாயிரம் குறைகிறது. பி.எஃப். அவருடைய பணம்தான், எங்கும் போய்விடாது. வேரியபிள் அப்படியல்ல. வருடக் கடைசியில் அது முழுதாக வருமா, பாதி வருமா என்பது கம்பெனியின் லாபத்தையும் அவருக்குக் கிடைக்கும் ரேட்டிங்கையும் பொறுத்தது.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் என்ன கேட்பது என்பது தானே தெளிவாகும். இதே பிரிப்பில் மாதம் 85,000 கையில் வர வேண்டுமானால் சி.டி.சி. 13.5 லட்சம் இருக்க வேண்டும். அந்த ஒற்றை எண்ணைத்தான் கேட்க வேண்டும். "13 முதல் 14 வரை" என்று எழுதினால் எதிரே இருப்பவர் காதில் விழுவது 13 மட்டும்தான்.

உங்கள் மின்னஞ்சலைப் படிக்கும் எச்.ஆர். பெரும்பாலும் முடிவெடுப்பவர் அல்ல. அதை டீம் மேனேஜருக்கும் சம்பளப் படிநிலைகளைப் பார்க்கும் குழுவுக்கும் அனுப்பி அனுமதி வாங்க வேண்டியவர். ஆகவே உங்களைப் பார்த்தே இராத ஒருவர் படித்தாலும் புரியும்படி, ஏழெட்டு வரிக்குள் அந்த மெயில் இருக்க வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதில் வரக்கூடாது. அவற்றை வைத்து யாரும் அனுமதி வாங்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இப்படி இருக்கலாம்:

"ஆஃபருக்கு நன்றி. இந்த டீமில் சேர விருப்பமாக இருக்கிறேன். பிரிப்பைப் பார்த்தபோது, 1.2 லட்சம் வேரியபிளாக இருப்பதால் மாதம் கையில் வருவது இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவதைக் கவனித்தேன். நேர்காணலில் பேசிய பேமென்ட் மாட்யூல் வேலையை மூன்று ஆண்டுகளாகத் தனிப்பொறுப்பில் செய்துவருகிறேன். சி.டி.சி.யை 13.5 லட்சமாக உயர்த்த முடியுமா? முடியாவிட்டால் 12 லட்சத்தையும் நிலையான சம்பளமாக மாற்றித் தந்தாலும் எனக்குச் சம்மதம். இதில் ஒன்று சரியானால் உடனே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."

அந்தக் கடைசி வரிதான் எச்.ஆருக்குக் கைகொடுக்கும். கொடுத்தால் ஆள் நிச்சயம் வருவார் என்று மேலே சொல்ல முடிகிறதே. இரண்டாவது வழியையும் யோசித்தே வைத்திருக்கிறோம். வேரியபிள் நிலையானதானால் அதே 12 லட்சத்திலும் மாதம் 85,000க்குச் சற்று மேலேயே கையில் வரும்.

இரண்டுக்கும் இடமில்லை என்று சொல்லி ஜாயினிங் போனஸ் தர முன்வரும் கம்பெனிகள் உண்டு. அது ஒரே தடவை வரும் பணம். அடுத்த ஆண்டு இன்கிரிமென்ட் கணக்கிடும்போது அதைச் சேர்க்க மாட்டார்கள். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஷரத்தும் வழக்கமாக இருக்கும்.

இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாக எழுதுவது வினை. அதன் பிரதியை அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டால் பதில் இருக்காது. கோரிக்கைகளைத் தவணை முறையில் அனுப்புவதும் எடுபடாது. ஒருமுறை மேலே போய் அனுமதி வாங்கியவர், அதே ஆளுக்காக மறுநாளும் போய் நிற்க மாட்டார். கேம்பஸில் மொத்தமாக எடுக்கப்படும் புதியவர்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் செல்லாது. அங்கே எல்லோருக்கும் ஒரே சம்பளம்.

ஆஃபருக்குக் கெடு இருக்கும், அதற்குள் கேட்டுவிட வேண்டும். பதில் வருமுன் போர்ட்டலில் 'ஏற்கிறேன்' பட்டனைத் தட்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "சரி, பண்ணித் தர்றோம்" என்று போனில் சொன்னால் நன்றி சொல்லி, பேசியதை அன்றே மெயிலில் எழுதி, திருத்திய லெட்டரைக் கேளுங்கள். அது வந்ததும் மறுபடி கடைசிப் பக்கம். 13.5 என்று போட்டுவிட்டு வேரியபிளை 20 சதவீதமாக ஏற்றியிருந்தால், கையில் வருவது ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். அதைச் சரிபார்த்த பிறகே இப்போதைய ஆபீசில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும்.