ஒரு போன் பேச எழுபது நாள்

பள்ளித் தோழன் ஒருவனின் அப்பா இறந்துபோன செய்தி வந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். அன்றே போன் செய்திருக்க வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாமல், 'ராத்திரி பேசிக்கலாம்' என்று தள்ளிவைத்தேன். அப்படி நினைத்ததுமே மனசு லேசானது. அந்த ராத்திரி எழுபது நாள் நீண்டது. ஐந்து நிமிடம் எடுக்கும் வேலை. எனக்கு நேரம் இல்லாமல் போயிற்று என்று சொன்னால் என் டைரியே சிரிக்கும்.

தள்ளிப்போடுகிறவர்களுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து கால அட்டவணை. ஆனால் உளவியல் ஆய்வாளர்கள் சிலர் வேறு இடத்தில் கை வைக்கிறார்கள். வேலையைத் தொடும்போது எழும் பயம், சலிப்பு, கூச்சம் ஆகியவற்றிலிருந்து அந்த நிமிடமே தப்பிக்கும் வழிதான் தள்ளிப்போடுதல் என்பது அவர்கள் கருத்து. இதற்கு ஆதாரமாக அடிக்கடி பேசப்படும் ஆய்வொன்று 2001-ல் வெளியானது. நடத்தியவர்கள் டயான் டைஸ், எலன் பிராட்ஸ்லாவ்ஸ்கி, ராய் பாமைஸ்டர். அதில் ஒரு மெழுகுவர்த்திக்கு முக்கிய வேடம்.

கல்லூரி மாணவர்களுக்குக் கணக்குத் தேர்வு இருப்பதாகச் சொல்லி, பழகிக்கொள்ள 15 நிமிடம் கொடுத்தார்கள். அந்த அறையில் பொழுதுபோக்கவும் பொருள்கள் இருந்தன. சிலருக்கு வீடியோ கேம், புதிர், ஜனரஞ்சகப் பத்திரிகைகள். சிலருக்குச் சின்னக் குழந்தைகளின் விளையாட்டுப் புதிர், பழைய தொழில்நுட்ப இதழ்கள். அதற்கு முன்பே, மனத்தை வாட்டும் காட்சியொன்றைக் கற்பனை செய்யவைத்துச் சிலரைச் சோகமாக்கியிருந்தார்கள். எதிர்பார்த்தபடி, சோகமாக இருந்து ஜாலியான பொருள்களும் கிடைத்தவர்கள் கணக்கை ஒதுக்கிவிட்டு விளையாடினார்கள்.

இங்கேதான் மெழுகுவர்த்தி. சிலரிடம் மட்டும், 'இந்த வாசனை உங்கள் இப்போதைய மனநிலையைக் கொஞ்ச நேரத்துக்கு அப்படியே உறைய வைத்துவிடும்' என்று கதைவிட்டார்கள். அது சாதாரண மெழுகுவர்த்திதான். ஆனால் அதை நம்பியவர்களிடம், சோகமாக இருந்தும், அந்தத் தள்ளிப்போடும் ஆசை எழவில்லை. என்ன விளையாடினாலும் மனசு மாறப்போவதில்லை என்றால் விளையாடி என்ன பயன்? சலிப்பூட்டும் பொருள்கள் மட்டும் கிடைத்தவர்களும் அப்படி ஓடவில்லை. ஆக, சோகம் மட்டுமே ஒருவரை வேலையிலிருந்து விரட்டுவதில்லை. 'அதைச் செய்தால் இப்போதே தேறிவிடலாம்' என்ற நம்பிக்கைதான் இழுக்கிறது. எல்லாருக்கும் அதே 15 நிமிடம்தான் என்பதைக் கவனியுங்கள். கடிகாரத்தில் வித்தியாசம் இல்லை.

எல்லாத் தாமதமும் இந்த வகை அல்ல. வீட்டில் உடம்பு சரியில்லாதவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வேலையை ஒத்திவைப்பவர் எதிலிருந்தும் ஓடவில்லை. பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: 'நாளைக்கு' என்று முடிவெடுத்த அடுத்த நொடி என்ன தோன்றுகிறது? நிஜமாகவே நேரம் இல்லாதவருக்கு எரிச்சல் வரும். தப்பித்தவருக்கு நிம்மதி வரும். அன்று எனக்கு வந்தது நிம்மதி.

அந்த நிம்மதிக்கு வட்டி உண்டு. முதல் நாள் எனக்கிருந்தது, துக்கம் விசாரிக்கத் தெரியாத கூச்சம் மட்டும். பத்தாம் நாள் 'ஏன் இத்தனை நாள் பேசவில்லை' என்பதற்கும் பதில் தேட வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் அவன் பெயரை போனில் பார்த்தாலே வயிற்றைப் பிசைந்தது. வேலை அதே ஐந்து நிமிடம்தான். அதன்மேல் குற்ற உணர்வுதான் ஏறிக்கொண்டே போனது.

இந்த வட்டியைப் பற்றித்தான் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், டிமதி பிச்சில், ஷானன் பென்னட் ஆகியோர் 119 முதலாண்டு மாணவர்களிடம் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். படிப்பின்மேல் ஒட்டியிருந்த கசப்பு குறைந்ததே காரணம் என்பது அவர்கள் விளக்கம். மாணவர்கள் தாங்களே சொன்னதை வைத்துச் செய்த சிறிய ஆய்வு இது. இதை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. ஆனாலும், 'சோம்பேறி' என்று பிள்ளையைத் திட்டித் திட்டிப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கும் நம் வழக்கம் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திட்டு விழ விழ, புத்தகத்தைத் திறப்பதே அந்தத் திட்டை நினைவூட்டும் காரியமாகிவிடாதா?

எழுபதாம் நாள் நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆறுதல் வார்த்தை தேடுவதை விட்டேன். 'கூப்பிட வெட்கமா இருந்துச்சு' என்ற ஒரு வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன். வயிறு அப்போதும் பிசைந்தது. அதைப் போக்கிவிட்டுப் பேசலாம் என்று காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எடுத்தவன் சீட்டைப் படிக்கக்கூட விடவில்லை. "அம்மாவுக்கு முட்டி வலி எப்படிடா இருக்கு இப்ப?" என்றான்.