கேமில் ஹெரானின் 655 சுற்றுகள்

2018 டிசம்பர் 8, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்துப் பள்ளி மைதானம் ஒன்றின் ஓடுதளத்தில் சிலர் ஓடத் தொடங்கினார்கள். பந்தயத்தின் பெயர் டெசர்ட் சோல்ஸ்டிஸ். இதற்கு முன் நெடுந்தூரப் பந்தயங்களில் குறிப்பிட்ட தரத்தை எட்டியவர்களுக்குத்தான் இதில் இடம். விதி ஒன்றே ஒன்று: மறுநாள் காலை இதே நேரம் வரை, 400 மீட்டர் ஓடுதளத்தையே சுற்றிச் சுற்றி, முடிந்தவரை அதிக தூரம் ஓட வேண்டும். உட்காரலாம், சாப்பிடலாம், படுத்துத் தூங்கவும் செய்யலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

ஓடியவர்களில் ஒருவர் ஓக்லஹோமாவைச் சேர்ந்த கேமில் ஹெரான். அப்போது அவருக்கு 36 வயது. தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற காம்ரேட்ஸ் ஓட்டத்தை 2017-ல் வென்றவர். அதே ஆண்டு நவம்பரில் 100 மைல் தூரத்தை 12 மணி 42 நிமிடம் 40 விநாடியில் ஓடி உலக சாதனையும் படைத்தவர். வேகத்தில் யாருக்கும் சளைத்தவர் அல்ல. ஆனால் 100 மைல் ஓட்டத்துக்கு ஒரு முடிவுக்கோடு உண்டு. வேகமாக ஓடினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். 24 மணி நேர ஓட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் விடியும் வரை ஓடியே ஆக வேண்டும்.

அன்று ஹெரான் 100 மைலை, அதாவது கிட்டத்தட்ட 161 கிலோமீட்டரை, 13 மணி 25 நிமிடத்தில் கடந்தார். ஓடுதளத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை அவ்வளவு விரைவாக 100 மைல் ஓடியதில்லை. சுற்றுக் கணக்காகப் பார்த்தால் இதன் அழகு தெரியும். 100 மைல் என்பது 402 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சுற்றுக்கு ஆன சராசரி நேரம் இரண்டே நிமிடம். பதின்மூன்றரை மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அதே கோட்டை அவர் கடந்துகொண்டே இருந்திருக்கிறார். நின்ற நேரம், குடித்த நேரம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

அதற்குப் பிறகும் 10 மணி 35 நிமிடம் பாக்கி இருந்தது. அதில் பெரும்பகுதி இருட்டு. டிசம்பரில் ஃபீனிக்ஸில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மறுபடி வருவது காலை ஏழுக்கு மேல். பாலைவன ஊர் என்பதால் பகலில் இதமாக இருந்தாலும் இரவில் குளிர் சட்டென்று இறங்கும்.

பார்ப்பவர்களுக்கு முதல் பாதியின் சாதனைதான் கண்ணில் படும். உண்மையில் பெரிய காரியம் இரண்டாம் பாதியில் நடந்தது. 100 மைல் சாதனை கையில் கிடைத்தபின் நின்றுவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹெரான் நிற்கவில்லை. மிச்ச நேரத்தில் இன்னும் 101 கிலோமீட்டர், ஏறக்குறைய 253 சுற்றுகள் சேர்த்தார். இந்தப் பகுதியில் ஒரு சுற்றுக்கான சராசரி இரண்டரை நிமிடம்.

இரண்டு நிமிடம் எப்படி இரண்டரை ஆனது என்பதில்தான் 24 மணி நேர ஓட்டத்தின் சூட்சுமமே இருக்கிறது. கால் தளர்ந்து ஒவ்வொரு சுற்றும் மெதுவானால் சராசரி இப்படி ஏறும். கால் நன்றாக ஓடியும் அடிக்கடி நின்றாலும் இதே சராசரிதான் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் அந்த 253 சுற்றுகளையும் தலா இரண்டேகால் நிமிடத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு மட்டும் ஒன்பதரை மணி நேரம் ஆகும். எஞ்சிய ஒரு மணி ஐந்து நிமிடம் முழுவதும் நின்றதிலும் உட்கார்ந்ததிலும் கழிப்பறையிலும் போயிருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள உதவியாளர்கள் நாற்காலியை ஓட்டக்காரர் கண்ணில் படும்படி வைப்பதில்லை. கோப்பையை ஓடிவரும் கையில் கொடுத்து, இருபது முப்பது மீட்டர் நடந்துகொண்டே குடிக்க வைத்து அனுப்பிவிடுவார்கள். ஹெரானுக்குப் பயிற்சியாளர் அவருடைய கணவர் கோனர் ஹோல்ட். இத்தகைய இரவில் ஓடுபவரின் முகத்தைப் பார்த்தே அடுத்த சுற்றுக்கு என்ன தேவை என்று கணிக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்வது கடினம்; பன்னிரண்டு மணி நேரம் ஓடியவருக்கு உப்பா சர்க்கரையா என்று யோசித்துச் சொல்லத் தெம்பு இருக்காது.

இரவில் முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் கால் இல்லை, வயிறு. பல மணி நேரம் ஓடும்போது உடல் தன் ரத்தத்தை வேலை செய்யும் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குப் போவது குறைகிறது. குடித்த சர்க்கரைத் தண்ணீர் கீழே இறங்காமல் வயிற்றிலேயே தங்கிக் குமட்டும். குமட்டுகிறதே என்று சாப்பிடாமல் விட்டால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கால் சோர்ந்து போகும். கால் சோர்ந்து நடை மெதுவானதும் உடல் சூடு குறைந்து நடுக்கம் எடுக்கும். இந்த மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வருவதால், பலர் குளிரைக் குறை சொல்வார்கள். தொடக்கம் என்னவோ வயிற்றில். வேகத்தைக் கொஞ்ச நேரம் குறைத்து, நடந்து, வயிறு இளகியதும் சிறிது சிறிதாக ஊட்டுவதுதான் வழி.

தண்ணீரை மிதமிஞ்சிக் குடிப்பது இன்னும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே உலை வைக்கும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவதும், ஓட ஓட எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுவதும், பேச்சு குழறுவதும் அதன் அடையாளங்கள். இந்த நிலையில் வந்தவரிடம் ‘இன்னும் தண்ணீர் குடி’ என்று சொல்லிவிடக் கூடாது.

அதிகாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரையிலான பொழுது இன்னொரு சோதனை. சாதாரண நாளிலும் அந்த நேரத்தில்தான் நம் உடல் சூடு மிகக் குறைவாக இருக்கும். தூக்கம் கண்ணைச் செருகும். பகலெல்லாம் காபியைத் தொடாமல் இருந்துவிட்டு இந்த நேரத்துக்கென்று வைத்திருப்பவர்கள் உண்டு. ஓடுதளம் இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. காட்டுப் பாதையில் தூங்கி வழிந்தால் வேர் தடுக்கும், வழி தவறும். இங்கே வழி தவறவே முடியாது. ஆனால் எப்போதும் ஒரே பக்கம் வளைவதால் உள்பக்கக் காலுக்கும் வெளிப்பக்கக் காலுக்கும் விழும் சுமை வேறுவேறு. அதனால் பெரும்பாலான பந்தயங்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுவார்கள். ஓடுபவர் சுற்றை முடித்து, ஒரு கூம்பைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே ஓடுவார். திரும்பும் அந்தச் சில நிமிடங்களில் எதிரே வருபவர்களின் முகத்தைப் பார்க்க முடியும். மணிக்கணக்காக முதுகுகளையே பார்த்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்று சொல்வதுண்டு.

சரி, இத்தனை சுற்றுகளை யார் எண்ணுவது? இப்போது கணுக்காலில் ஒரு சிப் கட்டிவிடுகிறார்கள். கோட்டைக் கடக்கும்போதெல்லாம் அது நேரத்தைப் பதிவு செய்கிறது. முன்பு ஓட்டக்காரர் ஒவ்வொருவரின் சுற்றையும் ஒருவர் உட்கார்ந்து தாளில் எழுதுவார். உலக சாதனை என்றால் ஒவ்வொரு சுற்றின் நேரமும் இன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு நாட்குறிப்பு. 2:01, 2:02, 2:01 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 4:03 ஆகி மறுபடி 2:01-க்கு வந்தால், ஒரு சுற்று எண்ணப்படாமல் விடுபட்டிருக்கலாம். சரியாக இரண்டு மடங்கு என்பதுதான் தடயம். 3:20 என்றால் கழிப்பறைக்குப் போயிருக்கலாம். 2:10, 2:25, 2:50 என்று படிப்படியாக ஏறினால் ஆள் சோர்கிறார், உதவியாளர் எழுந்து நிற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்ணிக்கையில் சேராத தூரமும் ஒன்று உண்டு. 400 மீட்டர் என்பது உள் ஓரத்தை ஒட்டி அளந்த அளவு. அந்தக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். கணக்கில் 400 மட்டுமே ஏறும். 655 சுற்றும் அப்படி ஓடினால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் வீண். அதனால் விவரமானவர்கள் வளைவில் யாரையும் முந்தமாட்டார்கள். நேர்ப்பகுதி வரும் வரை பொறுத்திருப்பார்கள்.

ஞாயிறு காலை நேரம் முடிந்ததாக அறிவித்ததும் ஓடுபவர்கள் நின்ற இடத்தில் அடையாளம் வைக்கப்படும். முடியாத கடைசிச் சுற்றில் எவ்வளவு ஓடினார்கள் என்று அளந்து சேர்ப்பார்கள். ஹெரானின் கணக்கு 262.193 கிலோமீட்டர். அதாவது 655 முழுச் சுற்றுகளும், மேற்கொண்டு 193 மீட்டரும்.

பெண்களுக்கான உலக சாதனை அதுவரை போலந்தின் பேட்ரிசியா பெரெஸ்னோவ்ஸ்காவிடம் இருந்தது: 2017-ல் பெல்ஃபாஸ்ட்டில் ஓடிய 259.991 கிலோமீட்டர். ஓடுதளத்தில் மட்டும் என்று பார்த்தால், ஜப்பானின் மாமி குடோ 2011-ல் தைபேயில் ஓடிய 255.303 கிலோமீட்டர். பெரெஸ்னோவ்ஸ்காவை ஹெரான் முந்தியது 2.2 கிலோமீட்டரில், ஐந்தரைச் சுற்றில். ஹெரானின் இரண்டாம் பாதி வேகத்தில் அது பதினான்கு நிமிடத்துக்கும் குறைவான தூரம். நள்ளிரவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு கால்மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் சாதனை கைநழுவியிருக்கும். முதல் பாதியில் சேர்த்த வேகத்தை எல்லோரும் மெச்சலாம். சாதனையைக் காப்பாற்றியது உட்காராமல் விட்ட அந்த நிமிடங்கள்.

மறு ஆண்டு அக்டோபரில் பிரான்சின் ஆல்பி நகரில் நடந்த உலகப் போட்டியில் ஹெரான் 270.116 கிலோமீட்டர் ஓடித் தன் சாதனையைத் தானே முறியடித்தார். அது ஓடுதளம் அல்ல, சாலைச் சுற்று. நான்கு ஆண்டுகள் அதை யாரும் தொடவில்லை. 2023 டிசம்பரில் தைபேயில் ஜப்பானின் மிஹோ நகாட்டா தொட்டார். ஒரு பகலும் ஓர் இரவும் ஓடி அவர் எட்டிய தூரம் 270.363 கிலோமீட்டர்; வித்தியாசம் 247 மீட்டர்.