ரீசெட் அனுப்பியது யார்?

அலுவலகக் கணினியிலிருந்து வெளியூர் சர்வருக்கு ஒரு பெரிய பேக்கப் கோப்பு போய்க்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் போன பிறகு திரையில் ஒரே ஒரு வரி:

```
Read from remote host 203.0.113.5: Connection reset by peer
```

எதிர்முனை இணைப்பை முறித்துவிட்டது என்கிறது கணினி. சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போகிறது. அவர் தன் லாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “இங்க எதுவும் நிக்கல சார், உங்க பக்கம்தான் கட் ஆகியிருக்கு” என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இரண்டு கணினிகள் டிசிபி முறையில் பேசும்போது, வேலை முடிந்தால் இணைப்பை முறையாக மூட ஒரு பாக்கெட் உண்டு. ரீசெட் அந்த வகை அல்ல. ‘இப்படி ஓர் இணைப்பே எனக்குத் தெரியாது, இனி எதுவும் அனுப்பாதே’ என்று பட்டென அறுப்பது அது. அது வந்ததும் நம் கணினி இணைப்பைக் கைவிட்டு, மேற்படி வரியைக் காட்டுகிறது. வலை சும்மா அறுந்து போயிருந்தால் வெகுநேரம் காத்திருந்து ‘டைம் அவுட்’ என்றுதான் வந்திருக்கும். ஆகவே ரீசெட் என்றால், யாரோ வேலை மெனக்கெட்டு அதை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த யாரோ யார்? பாக்கெட்டில் இருக்கும் முகவரியை வைத்துத்தான் கணினி ‘எதிர்முனை’ என்கிறது. கடிதத்தின் பின்னால் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாமே, அதுபோலத்தான் இந்த முகவரியும். 2007இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் இணையச் சேவை வழியே பிட்டோரண்ட் கோப்புகளைப் பகிர்ந்தவர்களுக்கு இதுவே நடந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிள் கோப்பு ஒன்றைப் பகிர்ந்து சோதித்துப் பார்த்தது. இரு கணினிகளுக்கும் மற்றதன் பெயரில் ரீசெட் வந்தது. இரண்டில் எதுவும் அதை அனுப்பவில்லை. நடுவில் இருந்த காம்காஸ்டின் கருவி இரு பக்கமும் அனுப்பியிருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இதற்கு எதிராக உத்தரவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க, கோப்பு போகும்போதே பாக்கெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும்.

```
sudo tcpdump -ni eth0 -s 96 -w a.pcap 'port 22'
tcpdump -nvr a.pcap
```

பதிவின் கடைசிப் பகுதியில் தேவையானதை மட்டும் எடுத்தால் இப்படி இருக்கும்:

```
ttl 52  203.0.113.5.22 > 192.168.1.10.51514: Flags [.]
ttl 63  203.0.113.5.22 > 192.168.1.10.51514: Flags [R]
```

`[R]` என்பதுதான் ரீசெட். இரண்டு வரியிலும் அனுப்பியவர் முகவரி ஒன்றே. ஆனால் `ttl` எண்ணைப் பாருங்கள். லினக்ஸ் சர்வர் அதை 64 என்று வைத்து அனுப்பும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும். சர்வரின் வழக்கமான பாக்கெட் 12 ரவுட்டர்களைத் தாண்டி 52ஆக வந்திருக்கிறது. ரீசெட்டோ ஒன்றை மட்டும் தாண்டி 63ஆக வந்து நிற்கிறது. அதாவது அது பிறந்த இடம் நம் ரவுட்டருக்கு அடுத்த வாசல். பெரும்பாலும் ஒரு ஃபயர்வால்.

இது வலுவான தடயம், ஆனால் முடிவான சாட்சி அல்ல. நடுவில் இருக்கும் கருவி நினைத்தால் அந்த எண்ணையும் பொருத்தமாகப் போட்டுவிடும். அதனால் சர்வர் பக்கமும் அதே நேரத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இங்கே வந்த ரீசெட் அங்கே கிளம்பியதாகப் பதிவாகியிருந்தால் சர்வர்தான் அனுப்பியது. கிளம்பியதாகவே இல்லையென்றால் நடுவில் உள்ளதுதான்.

சர்வரே அனுப்பியிருந்தால் அதன் லாக்கில் அதே நொடியைத் தேட வேண்டும். நினைவகம் போதாமல் கோப்பு வாங்கும் நிரல் கொல்லப்பட்டிருக்கலாம். சர்வர் ரீஸ்டார்ட் ஆகி, பழைய இணைப்பை மறந்திருக்கலாம். வந்த தரவை முழுதும் படிக்காமலே நிரல் இணைப்பை மூடினாலும் லினக்ஸ் ரீசெட்தான் அனுப்பும். இதில் ஒரு தொல்லை: ‘கோப்பு ரொம்பப் பெரிது’ என்று சர்வர் அனுப்பிய விளக்கத்தை நம் நிரல் படிப்பதற்குள் ரீசெட் வந்து அதையும் அழித்துவிடக்கூடும். காரணம் சொல்லப்பட்டும் நம் கண்ணில் படாது.

நடுவில் உள்ளது என்றால், இணைப்பு எப்போது சும்மா இருந்தது என்று பதிவிலேயே பாருங்கள். பெரிய கோப்பை ஒப்பிட்டுக் கணக்கிடும்போது rsync சில நிமிடங்கள் எதையும் அனுப்பாமல் இருப்பதுண்டு. அமேசான் கிளவுடின் நேட் கேட்வே 350 நொடிகள் அசைவில்லாத இணைப்பை மறந்துவிடும். அதன் பின்னால் உள்ள கணினி அடுத்து எதை அனுப்பினாலும் ரீசெட்டைத் திருப்பித் தரும். மௌனத்துக்குப் பிறகு வந்த ரீசெட் என்றால் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் இந்த ஒரு வரி போதும். நிமிடத்துக்கு ஒரு சிறு பாக்கெட் போய் இணைப்பை உயிரோடு வைத்திருக்கும்.

```
ServerAliveInterval 60
```

தரவு மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் வந்தால் இந்த வரியால் பயனில்லை. ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு பதிவுகளையும் கொடுத்து, அவருடைய விதிகளில் எது பிடிக்கிறது என்று கேட்க வேண்டியதுதான். அதுவரை rsync-ஐ `--partial` சேர்த்து ஓட்டினால், போன வரைக்கும் போனது வீணாகாது.