நேராக ஏறும் கோடு

அடிவாரத்திலிருந்து மலைமேல் உள்ள ஊருக்கு ஒரு நடைபாதை அமைக்க வேண்டும். செலவு குறைந்த தடத்தைக் கணினியில் தேட, முதலில் நிலத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடக்க எவ்வளவு ஆகும் என்று எண் கொடுப்பார்கள். 1959இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட வழியில், தொடக்கக் கட்டத்திலிருந்து அக்கம்பக்கக் கட்டங்களுக்கு அந்த எண்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். இலக்கை எட்டியதும், குறைந்த தொகை எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிப் பிடித்தால் பாதை கிடைத்துவிடும்.

பலர் ஏமாறுவது சரிவுக்கு எண் கொடுக்கும்போதுதான். ‘இந்தக் கட்டம் 30 பாகைச் சரிவு’ என்று ஒரே எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சரிவில் நேராக ஏறினாலும் குறுக்காக நடந்தாலும் கணினிக்கு ஒரே செலவு. அப்படியானால் நீளம் குறைவான நேர்க்கோடுதானே வெல்லும்?

நடப்பவரின் கால் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் தந்த சூத்திரம், ஏறும் திசையின் சரிவை வைத்து நடைவேகத்தைச் சொல்கிறது. 300 மீட்டர் உயரத்தை 30 பாகையில் நேராக ஏறினால், வரைபடத்தில் 520 மீட்டர்தான் தூரம். ஆனால் 47 நிமிடம் ஆகும். வளைந்து வளைந்து சுமார் 16 பாகையில் ஏறினால் தூரம் 1,050 மீட்டர், நேரமோ 34 நிமிடம். இரு மடங்கு நீளமான பாதை சீக்கிரம் கொண்டுசேர்க்கிறது. நேர்ப்பாதைக்கு இன்னொரு கேடும் உண்டு: மழைநீர் அதிலேயே ஓடி, மண்ணை அரித்து ஓடையாக்கிவிடும்.

இனி நிலப்போர்வையைச் சேர்ப்போம். வளைபாதையின் பாதி நேரம் முட்புதருக்குள் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். புதரில் நடக்க ஒன்றரை மடங்கு நேரம் என்றால் மொத்தம் 42 நிமிடத்துக்குச் சற்று மேல், வளைபாதையே மேல். இரு மடங்கு என்றால் 51 நிமிடமாகி, நேர்ப்பாதை முந்திவிடும். ஒன்றரையா இரண்டா என்பதை மேசையிலிருந்து ஊகிக்கக் கூடாது. புதருக்குள் நடந்து நேரம் பார்க்க வேண்டும். மதிப்பைச் சற்று மாற்றியதும் பாதை வேறு பக்கம் தாவினால், அந்த முடிவை இன்னும் நம்ப முடியாது என்று பொருள்.

கிராஸ் மென்பொருளில் `r.cost` திசையைப் பார்க்காது. `r.walk` ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும். எதில் செய்தாலும், வந்த பாதையைச் சம உயரக் கோடுகளின்மேல் வைத்துப் பாருங்கள். செங்குத்தான இடத்தில் அக்கோடுகளை நேர்குறுக்காக வெட்டிக்கொண்டு போனால், திசை விடுபட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

குழாய்ப் பாதையில் கணக்கு தலைகீழ். பக்கச் சரிவில் குழாய் பதிக்க, இயந்திரம் நிற்பதற்கே மலையைக் குடைந்து தளம் வெட்ட வேண்டும். பின்னாளில் மண் சரிந்தால் குழாய் பக்கவாட்டில் வளையும். அதனால் குழாய்க்குப் பெரும்பாலும் நேராக ஏறுவதே நல்லது. குறுக்காகப் போகும் கட்டங்களுக்குத்தான் கூடுதல் செலவு போட வேண்டும்.