ஆன்லைன் தேர்வின் நடுவில் நெட் போனால்: மறுதேர்வு கேட்கும் மெயிலை எப்படி எழுதுவது?

வீட்டில் கேமரா முன் உட்கார்ந்து எழுதும் தேர்வில் பாதியில் இணைப்பு போய்விட்டால், பெரும்பாலான மாணவர்கள் தேர்வுப் பிரிவுக்கு அனுப்புவது இரண்டே வரி. ‘நெட் பிரச்சினையால் தேர்வை முடிக்க முடியவில்லை. மறுதேர்வு எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.’ அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு தேர்வுப் பிரிவால் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது மாணவரின் கணினி சில விநாடிக்கு ஒருமுறை சர்வருக்கு ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நின்றதும் கடைசிச் சமிக்ஞை வந்த நேரத்தை சர்வர் குறித்துக்கொள்கிறது. அதுவரை சேமித்த விடைகள் என்னென்ன, எந்த ஐபி முகவரியிலிருந்து எழுதினார், திரும்ப எப்போது உள்ளே வந்தார் என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். அதில் இல்லாதது ஒன்றுதான்: இணைப்பு ஏன் நின்றது என்ற காரணம். தெருவில் ஜேசிபி ஃபைபர் கேபிளை அறுத்தாலும், மாணவரே ரவுட்டர் சுவிட்சை அணைத்தாலும் சர்வரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அந்தக் காரணத்தைச் சொல்வதும், அது சர்வரின் பதிவோடு பொருந்துகிறது என்று காட்டுவதும்தான் மெயிலின் வேலை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சிக்கல் அல்ல. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மென்பொருள் கண்காணிப்போடு நடத்திய செமஸ்டர் தேர்வின் முடிவுகள் வந்தபோது, ஏராளமானோர் தோல்வி, பலருக்கு முடிவு நிறுத்திவைப்பு. நெட்வொர்க் கோளாறையும், தலையைத் திருப்பியதையும் கூட முறைகேடாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்று மாணவர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. அது கூட்டமாகக் கிடைத்த நிவாரணம். இன்று வீட்டில் தனியாகத் தேர்வெழுதும் ஒரு மாணவருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வராது. அவருடைய மெயில்தான் அவருக்காகப் பேச வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சிறிய ஊரில் இருக்கும் ஒரு மாணவி. காலை 10 மணி முதல் 11 மணி வரை தேர்வு, 60 கொள்குறி வினாக்கள். 10.24-க்கு 25 வினாக்கள் முடித்திருக்கிறார். 26-வது வினாவில் திரை உறைந்துவிடுகிறது. ரவுட்டரில் மின்சாரம் இருக்கிறது, வைஃபை விளக்கும் எரிகிறது. ஆனால் LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது. ஃபைபரில் ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்று அர்த்தம். தேர்வு விதிப்படி போன் பக்கத்து அறையில் இருக்கிறது. அவர் குரல் கொடுக்க, அம்மா போனை எடுத்துவந்து தருகிறார். ஹாட்ஸ்பாட் போட்டு 10.31-க்கு மறுபடி நுழைகிறார். ‘தேர்வு பூட்டப்பட்டுள்ளது, கண்காணிப்பாளரைத் தொடர்புகொள்ளவும்’ என்று திரை சொல்கிறது. உதவி எண்ணுக்கு 10.33 முதல் கூப்பிடுகிறார். 10.44-க்குத்தான் எடுக்கிறார்கள், மெயில் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். நேரம் முடிந்துவிடுகிறது.

இதே 20 நிமிடம் கண்காணிப்பு மென்பொருளுக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள். முகம் திரையை விட்டு விலகியது. உதடு அசைந்தது. இரண்டாவது ஆள் தெரிந்தார். கையில் போன். பிறகு வேறோர் ஐபி முகவரியிலிருந்து நுழைவு. நெட்டைத் திரும்பக் கொண்டுவர அவர் செய்த ஒவ்வொரு முயற்சியும் முறைகேட்டின் அடையாளமாகப் பதிவாகியிருக்கிறது. இணைப்பு இல்லாத நேரத்தில் வீடியோ எங்கே போகப்போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். சில மென்பொருள்கள் வீடியோவைக் கணினியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவைக்கும். நான் பார்த்தவரை மாணவர்கள் மெயிலில் சொல்லாமல் விடுவது இந்தப் பகுதியைத்தான். போனைத் தொட்டதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். சொல்லாமல் விட்டால்தான் மாட்டிக்கொள்வார்கள். வீடியோவைப் பார்க்கும் அலுவலர் கையில் விளக்கம் ஏற்கெனவே இருந்தால் காட்சி வேறுமாதிரி தெரியும். பார்த்த பிறகு கேட்டு வாங்கும் விளக்கத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

அடுத்து, ஆதாரம். தேர்வு முடிந்தபின் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டைப் பலர் இணைக்கிறார்கள். 10.24-க்கு என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. வலுவான ஆதாரம் என்பது நேரத்தோடு மூன்றாவது ஒருவரிடமிருந்து வந்தது. இணைய நிறுவனத்தில் புகார் செய்ததும் வரும் புகார் எண் கொண்ட எஸ்எம்எஸ் அப்படிப்பட்டது. அதனால் உதவி எண் பிஸியாக இருக்கும் நேரத்திலேயே புகாரைப் பதிந்துவிட வேண்டும். நம் மாணவி 10.36-க்குப் பதிந்தார். லோக்கல் கேபிள் ஆபரேட்டர் மூலம் வந்த இணைப்பு என்றால், எந்த இடத்தில் கேபிள் அறுந்தது, எப்போது சரிசெய்தார் என்று அவரிடம் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வாங்கிக்கொள்ளலாம். கரண்ட் போனதால் நெட் போயிருந்தால் மின்னகம் எண்ணான 94987 94987-இல் பதிந்த புகார் அதே வேலையைச் செய்யும்.

விண்டோஸ் கணினியில் வைஃபை மூலம் எழுதியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடிக்க வேண்டும்:

```
netsh wlan show wlanreport
```

கடைசி மூன்று நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது துண்டிக்கப்பட்டது என்ற அறிக்கை wlan-report-latest.html என்ற கோப்பாக வரும். மூன்று நாள் தாண்டினால் அந்தத் தேர்வு நேரம் அறிக்கையில் இருக்காது. முழுக் கோப்பையும் அனுப்பத் தேவையில்லை. கணினியைப் பற்றிய தனிப்பட்ட விவரங்கள் பலவும் அதில் இருக்கும். அந்த ஒரு மணி நேரப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்புதான் வைஃபை. நம் மாணவி விஷயத்தில் ரவுட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அறுந்தது வெளியே உள்ள ஃபைபர். ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்வரை வைஃபை இணைப்பில் இருந்ததாகவே அறிக்கை காட்டும். அவர் மெயிலில் ‘வைஃபை கட் ஆகிவிட்டது’ என்று எழுதி இந்த அறிக்கையையும் இணைத்தால், அவருடைய ஆதாரமே அவருக்கு எதிராகத் திரும்பும். கரண்ட் போனதா, ரவுட்டர் நின்றதா, வெளி லைன் போனதா, வைஃபை விட்டதா என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். உறுதியாகத் தெரியாவிட்டால் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதலாம்: எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது, திரையில் என்ன வந்தது.

நேரத்தை எழுதும்போது ‘இந்திய நேரம்’ என்று சேர்த்துவிடுவது நல்லது. சர்வர் பதிவுகள் பல நேரம் சர்வதேச நேரத்தில் இருக்கும். இங்கே காலை 10.24 என்றால் அங்கே 4.54. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.

அந்த மாணவியின் மெயில் இப்படி இருக்கலாம்:

பொருள்: இணைப்புத் துண்டிப்பு, மறுதேர்வு வேண்டுகோள் – (பதிவு எண்), (பாடக் குறியீடு), (தேர்வு நாள்)

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை 10 மணிக்குத் தொடங்கிய மேற்கண்ட தேர்வில் 25 வினாக்களுக்கு விடை சேமித்த நிலையில், 10.24-க்கு (இந்திய நேரம்) இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. ரவுட்டர் இயங்கியது, LOS விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது.

பக்கத்து அறையில் இருந்த என் போனை அம்மா எடுத்துவந்து கொடுத்தார். ஹாட்ஸ்பாட் இணைக்க மட்டுமே அதைப் பயன்படுத்தினேன். அந்த நேரத்து வீடியோவில் அவரும் போனும் தெரியலாம். 10.31-க்கு ஹாட்ஸ்பாட் வழியாக மறுபடி நுழைந்தபோது தேர்வு பூட்டப்பட்டிருந்தது. ஐபி முகவரி மாறியதற்குக் காரணம் இதுவே. 10.33 முதல் உதவி எண்ணை அழைத்தேன், 10.44-க்குப் பேசியவர் மெயில் அனுப்பச் சொன்னார். அதன்பின் தேர்வைத் தொடர முடியவில்லை.

இணைய நிறுவனத்தில் 10.36-க்குப் பதிந்த புகாரின் எஸ்எம்எஸ், பூட்டப்பட்ட திரையின் படம், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

என் தேர்வுப் பதிவைச் சரிபார்த்து, இந்த ஒரு தாளுக்கு மறுதேர்வு எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவு தெரியும்வரை இத்தாளில் ஆப்சென்ட் என்றோ முறைகேடு என்றோ பதிய வேண்டாம் எனவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(பெயர், பதிவு எண், துறை, போன் எண்)

குடும்பக் கஷ்டமோ, மதிப்பெண் பற்றிய கவலையோ, நிறுவனத்தின் மென்பொருள் மீது குற்றச்சாட்டோ இதில் இல்லை. இருக்கும் வரிகளில் பெரும்பாலானவற்றைத் தேர்வுப் பிரிவு தன் பதிவையும் இணைத்த ஆதாரங்களையும் வைத்துச் சரிபார்க்கலாம். கல்லூரியில் பதிந்த மெயில் ஐடியிலிருந்து அனுப்ப வேண்டும்; துறைத் தலைவருக்கும் ஒரு நகல் போக வேண்டும். அன்றைக்கே அனுப்புவது மிக முக்கியம். மறுதேர்வுக்குப் புதிய வினாத்தாள் தயாரிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடத்தமாட்டார்கள். வந்த வேண்டுகோள்களைச் சேர்த்து ஒரே நாளில் முடிக்கவே பார்ப்பார்கள். பட்டியல் போனபின் வரும் மெயில் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வெளியே நின்றுவிடும்.

மறுதேர்வு மாணவரின் உரிமை அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இணைப்பு மாணவரின் பொறுப்பு என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கேயும் இழந்த நிமிடங்கள், சேமித்த விடைகள், திரும்ப நுழைய எடுத்த முயற்சி ஆகியவற்றைப் பார்த்து விலக்கு தர அலுவலரால் முடியும். 60-இல் 52 வினாக்கள் முடித்தபின் நெட் போனவர் மறுதேர்வு கேட்பது பெரும்பாலும் எடுபடாது. அவர் சேமித்த விடைகளைத் திருத்தி மதிப்பெண் தரும்படி கேட்பதே சரி. மறுதேர்வு கிடைத்தால் பழைய விடைகள் ரத்தாகுமா என்பதையும் ஒப்புக்கொள்ளும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில் வராவிட்டால் புதிய மெயில் தொடங்காமல் அதே மெயிலுக்கு ரிப்ளையாகவே நினைவூட்ட வேண்டும். முதல் மெயில் போன நாளும் நேரமும் கீழே அப்படியே நிற்கும். முடிவு வெளியாகும்போது அந்தத் தாளில் ஆப்சென்ட் என்றோ நிறுத்திவைப்பு என்றோ இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிப் பயனில்லை. மறுமதிப்பீடு என்பது எழுதிய விடையைத் திரும்பத் திருத்துவது மட்டும்தான். அதே மெயில் தொடரைப் பிரிண்ட் எடுத்து, துறைத் தலைவரின் கையெழுத்தோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.